பட்டா சரியாக இருந்தாலும் பஞ்சமி நிலமா என்று பாருங்கள்

கிராமத்தில் நிலம் வாங்குமுன், அது அரசு நிபந்தனையோடு வழங்கிய பழைய ஒப்படை நிலமா என்று பாருங்கள். நிலமற்ற பட்டியல் சாதிக் குடும்பங்களுக்காக 1892-இல் ஆங்கிலேய அரசு வகுத்த திட்டத்தில் வழங்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். பதிவேடுகளில், ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, 'டி.சி. நிலம்' என்றும் இருக்கும். நிபந்தனை கடுமையானது: முதல் பத்து ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன்பின் விற்றாலும் அதே பிரிவினருக்குத்தான். மீறினால் அரசு இழப்பீடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம். ஒப்படை பெற்றவரின் மகன் 1975-இல் வேறு சமூகத்தவருக்கு விற்கிறார். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் வாங்கியவர் பெயருக்கே பட்டா வந்துவிடுகிறது. அவரிடமிருந்து நீங்கள் வாங்குகிறீர்கள். வில்லங்கச் சான்றில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். ஆனால் முதல் விற்பனையே செல்லாததால் அவரிடம் உரிமை இல்லை. இல்லாத உரிமையை அவர் உங்களுக்குத் தரவும் முடியாது. பத்திரம் பதிவானது அந்தக் குறையைச் சரிசெய்யாது.

அதனால் இப்போதைய பட்டாவோடு நிற்காதீர்கள். தாலுகா அலுவலகத்தில் மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டு நகலும், பழைய சர்வே எண்ணை ஒப்பிடும் பட்டியலும் கேளுங்கள். குறிப்புப் பகுதியில் டி.சி., பஞ்சமி, நிபந்தனை ஒப்படை என்று ஏதாவது இருந்தால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். அந்த நிலம் இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது.