‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிடாதீர்கள்: ஃபிளாட் புக்கிங் ரத்துக் கடிதத்தில் பணம் நழுவும் இடங்கள்

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டை வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் பில்டருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலையால் என் புக்கிங்கை ரத்து செய்கிறேன். தயவுசெய்து நான் கட்டிய புக்கிங் தொகையைத் திருப்பித் தரவும்.” மரியாதையான கடிதம்தான். ஆனால், முதல் வாக்கியத்திலேயே அந்தப் புக்கிங் தொகையை விட்டுக்கொடுத்தாகிவிட்டது.

காரணம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தை, அதாவது நாம் ரெரா என்று சொல்வதை, ஒட்டிப் பல மாநில விதிகளில் இணைக்கப்பட்டிருக்கும் மாதிரி விற்பனை ஒப்பந்தத்தில் வாங்குபவர் வெளியேறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 7.5-ஆம் பிரிவு. பில்டர் மீது தவறு ஏதும் இல்லாமல் நீங்களாக விலகினால், அவர் புக்கிங் தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியை 45 நாட்களுக்குள் தர வேண்டும். மற்றொன்று 9.2-ஆம் பிரிவு. பில்டர் சொன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்காவிட்டால் நீங்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அப்போது கட்டியது முழுவதையும் வட்டியோடு 45 நாட்களுக்குள் தர வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் எண்ணும் வாசகமும் மாறியிருக்கலாம், ஆனால் இந்த இரட்டை வழி ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும். எந்த வழியில் வெளியேறுகிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் எழுதும் காரணம்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃபிளாட்டின் விலை 70 லட்சம். விண்ணப்பத்தோடு 2 லட்சம், ஒப்பந்தத்துக்கு முன் இன்னொரு 5 லட்சம், அதன்பின் ஸ்லாப் போடப் போட 14 லட்சம் என மொத்தம் 21 லட்சம் கட்டியாயிற்று. ஒப்பந்தப்படி சாவி தர வேண்டிய நாள் தாண்டி ஓராண்டு ஆகிறது, கட்டடம் இன்னும் பூச்சு வேலையிலேயே நிற்கிறது. இந்த நிலையில் “குடும்பச் சூழ்நிலை” என்று எழுதினால் 2 லட்சம் போய் 19 லட்சம் திரும்பும், வட்டி இல்லை. தாமதத்தைக் காரணமாக எழுதினால் 21 லட்சமும் திரும்ப வேண்டும். வட்டியும், பில்டர் ஒவ்வொரு தொகையையும் வாங்கிய நாளிலிருந்து ஓடும். தமிழ்நாட்டு விதியில் வட்டி விகிதம், ஸ்டேட் வங்கி கடனுக்கு வைக்கும் அடிப்படை வட்டியான எம்சிஎல்ஆரின் உச்ச விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். கணக்குக்காக 10 சதவீதம் என்று வைத்து, பணம் சராசரியாக 3 ஆண்டு அவரிடம் இருந்ததாகக் கொண்டால், வட்டி மட்டுமே 6 லட்சத்து 30 ஆயிரம். ஒரு வரிக்கு இவ்வளவு வித்தியாசம்.

நிஜமாகவே வீட்டில் கஷ்டம் இருக்கலாம், தாமதமும் இருக்கலாம். இரண்டும் உண்மையாக இருக்கும்போது கடிதத்தில் வர வேண்டியது தாமதம் மட்டுமே. வேலை போனது, மகளின் கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன் எதுவும் அதில் தேவையில்லை. மனசு இளகிப் பணம் தருவார்கள் என்று நம்பி எழுதும் அந்த நான்கு வரிகளைத்தான் பின்னால் பில்டரின் வக்கீல் ரெரா ஆணையத்தில் வாசித்துக் காட்டுவார்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஒப்படைக்கும் தேதி இன்னும் வரவில்லை, வேலை ஒழுங்காக நடக்கிறது. அப்படியிருந்தும் முழுப் பணமும் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இல்லாத குறையை எழுதுகிறார்கள். அது நிற்காது. அங்கே 7.5 வழியில் நேர்மையாகப் போய், எவ்வளவு பிடிக்கலாம் என்பதில் மட்டும் உறுதியாக நிற்பதே நல்லது. குருகிராம் குடியிருப்பு ஒன்றில் சந்தை விலை சரிந்ததால் விலகிய ஒருவரின் வழக்கில், அடிப்படை விலையில் 20 சதவீதத்தைப் பறிமுதல் செய்ய ஒப்பந்தம் இடம் கொடுத்திருந்தது. அது ஒருதலைப்பட்சமானது என்று 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லி, 10 சதவீதம் மட்டும் பிடிக்கலாம் என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முடிவை ஏற்றது. ஆனால் ஆணையம் கொடுத்திருந்த வட்டியை எடுத்துவிட்டது.

அடுத்த தவறு, ‘புக்கிங் தொகை’ என்றால் என்ன என்று ஒப்பந்தத்தில் பார்க்காமலே எழுதுவது. மாதிரி ஒப்பந்தத்தின்படி அது விண்ணப்பத்தின்போது கட்டிய தொகை. நம் கணக்கில் 2 லட்சம். சில பில்டர்களின் வாசகத்திலோ மொத்த விலையில் 10 சதவீதம் ‘புக்கிங் தொகை’ என்றோ ‘முன்பணம்’ என்றோ விளக்கப் பகுதியில் நுழைந்திருக்கும். அப்போது அதே 7.5-இல் போவது 7 லட்சம். விண்ணப்பப் படிவம், ஒதுக்கீட்டுக் கடிதம், ஒப்பந்தம் மூன்றையும் பக்கத்தில் வைத்து அந்தச் சொல் ஒவ்வொன்றிலும் எப்படி வருகிறது என்று பாருங்கள். முரண்பட்டால், ரசீதில் ‘புக்கிங் தொகை’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணைக் கடிதத்தில் எழுதி ரசீது நகலை இணையுங்கள். ஒப்பந்தமே போடாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் அது சட்டத்தின் 13-ஆம் பிரிவை மீறியது. அதையும் ஒரு வரியில் சொல்லலாம்.

தேதியில் பலர் ஏமாறுகிறார்கள். “ரெராவில் எங்களுக்கு 2027 வரை நேரம் இருக்கிறது, அதனால் தாமதமே இல்லை” என்று பில்டர் தரப்பில் சொல்வார்கள். அதை நம்பிக் கடிதத்தையே தள்ளிப்போடுபவர்கள் உண்டு. திட்டப் பதிவின் காலக்கெடு நீண்டிருந்தாலும், உங்கள் உரிமை ஒப்பந்தத்தில் எழுதிய ஒப்படைப்புத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது. ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் நியூடெக் வழக்கிலும் சொன்னது. ஆகவே எழுத வேண்டியது ஒப்பந்தத்தில் உள்ள தேதி. சலுகைக் காலம் ஏதாவது குறிப்பிட்டிருந்தால் அதையும் கூட்டி, அதுவும் முடிந்துவிட்டது என்று காட்டுங்கள்.

கடிதம் இரண்டு பக்கமும் பேசக் கூடாது. “வீட்டை உடனே கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்பது ரத்துக் கடிதம் ஆகாது. சட்டம் தருவது இரண்டில் ஒன்று. விலகினால் பணமும் வட்டியும், விலகாமல் இருந்தால் சாவி கைக்கு வரும்வரை மாதந்தோறும் தாமத வட்டி. “பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்” என்பதும் அப்படித்தான், அது வெறும் விண்ணப்பம். முடிவை முடிவாகவே எழுத வேண்டும். பெரும்பாலோர் ஆங்கிலத்தில் எழுதினாலும், கருத்து இந்த வரிசையில் வந்தால் போதும்:

“இன்ன தேதியிட்ட ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி 31.03.2025-க்குள் ஃபிளாட்டை ஒப்படைக்க ஒப்புக்கொண்டீர்கள். இன்றுவரை ஒப்படைக்கவில்லை. எனவே ஒப்பந்தத்தின் 9.2-ஆம் பிரிவின்படியும் ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படியும் நான் திட்டத்திலிருந்து விலகுகிறேன், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன். புக்கிங் தொகை 2,00,000 ரூபாய் உட்பட இணைப்பில் கண்ட 21,00,000 ரூபாயை, ஒவ்வொரு தொகையும் செலுத்திய நாளிலிருந்து விதிப்படியான வட்டியுடன், இக்கடிதம் கிடைத்த 45 நாட்களுக்குள் செலுத்தவும்.”

இணைப்பில் தேதி, தொகை, ரசீது எண், கட்டிய விதம் என ஒரு பட்டியல் வேண்டும். அதில் இரண்டு தொகைகள் விட்டுப்போகின்றன. 50 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து நீங்களே அரசுக்குக் கட்டியிருப்பீர்கள். அது பில்டரின் வரிக்கணக்கில் சேர்ந்த உங்கள் பணம். நம் கணக்கில் 21,000 ரூபாய். வங்கி ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்த்துக் கூட்டினால் இது வராது. மற்றொன்று 5 சதவீத ஜிஎஸ்டி, 1,05,000 ரூபாய். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை பில்டர் கிரெடிட் நோட் போட்டு அதைச் சரிசெய்யலாம். அந்தக் காலம் கடந்திருந்தால், ஜிஎஸ்டி பதிவு இல்லாத வீடு வாங்குபவர் தாமே RFD-01 படிவத்தில் அரசிடம் கேட்க 2022 டிசம்பரில் வந்த சுற்றறிக்கை வழிசெய்கிறது. அதற்குப் பில்டர் கையெழுத்திட்ட ரத்துக் கடிதம் தேவை, அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து 2 ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும். ஆகவே ரத்தை ஏற்று எழுத்தில் பதில் தருமாறு உங்கள் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கோபத்தில் தவணையை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருப்பது மிகவும் ஆபத்தான தவறு. தாமதம் பில்டருடையது என்றால் தவணையை நிறுத்த ஒப்பந்தமே அனுமதிக்கும். ஆனால் அதை எழுதிச் சொல்லாமல் நிறுத்தினால், நீங்கள்தான் தவணை தவறியவர் என்று அவர் நோட்டீஸ் அனுப்பி முதலில் ரத்து செய்துவிடுவார். அப்போது புக்கிங் தொகையோடு தாமதத் தவணை வட்டியும் கழியும். அடுத்த தவணையைக் கேட்டு டிமாண்ட் கடிதம் வந்து கிடக்கிறது என்றால், வேறு வேலையை ஒதுக்கிவிட்டு ரத்துக் கடிதத்தை முடிப்பது நல்லது.

அனுப்பும் விதத்தில் சொல்ல அதிகமில்லை. சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியதை மட்டும் நம்பக் கூடாது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ‘அறிவிப்பு’ பிரிவில் உள்ள முகவரிக்குப் போக வேண்டும். அங்கே பதிவுத் தபால் என்று இருக்கும். 2025-இல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், பதிவுச் சேவையும் டெலிவரி சான்றும் சேர்த்துக் கேளுங்கள். அதே நாளில் நிறுவனத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒதுக்கீடு இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். வீட்டுக் கடன் இருந்தால் வங்கிக்கும் ஒரு நகல் போக வேண்டும், ஏனென்றால் நீங்கள், பில்டர், வங்கி மூவரும் கையெழுத்திட்ட முத்தரப்பு ஒப்பந்தப்படி திரும்பும் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். நம் ஊரில் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது யூடிஎஸ், ஏற்கெனவே உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் வெறும் கடிதத்தோடு காரியம் முடியாது. அந்த நிலத்தைத் திருப்பி எழுதிக்கொடுக்க சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தனிப் பத்திரம் வேண்டும். பணமும் பத்திரமும் ஒரே நாளில் கைமாற ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு கட்டத்தில் பில்டர் அலுவலகத்தில் அவர்களின் அச்சிட்ட படிவத்தை நீட்டுவார்கள். “பிராசஸிங்குக்கு இது வேண்டும் சார்.” அதில் ‘சொந்தக் காரணத்தால்’ என்றோ, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்றோ, ‘இந்த ஃபிளாட் வேறொருவருக்கு விற்ற பின் பணம் தரப்படும்’ என்றோ ஒரு வரி இருக்கும். அந்த வரிகளை அடித்து, பக்கத்தில் “என் இன்ன தேதியிட்ட கடிதத்தின்படி” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம், ஏற்கெனவே அனுப்பிய கடிதமே போதும். அசல் ரசீதுகளையும் ஒப்பந்தத்தையும் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் கொடுக்க வேண்டும், அதுவரை நகல் கொடுங்கள். 45 நாள் கடந்தும் வராவிட்டால், அசலுக்கும் வட்டிக்கும் தமிழ்நாடு ரெராவில் ‘எம்’ படிவத்தில் புகார். அதற்குமேல் நஷ்டஈடு கேட்பதென்றால் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் ‘என்’ படிவத்தில் தனி மனு. இரண்டிலும் உங்கள் ரத்துக் கடிதமும் அதன் டெலிவரி சான்றும் இணைப்பாகப் போகும்.