அமெரிக்க ஆபீஸ் காப்பீடு: டிடக்டபிள், கோ-பே, நெட்வொர்க் கணக்குப் போடுவது எப்படி?

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த புதிதில் காப்பீட்டு அட்டை கையில் இருந்தாலே போதும், எல்லாச் செலவையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. நான் சொல்வது, காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத டாக்டரிடமும் கூடுதல் செலவில் போகவிடும் பிபிஓ வகைத் திட்டத்தைப் பற்றி.

முதலில் ஹெச்.ஆர். தளத்தில் ‘சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் அண்ட் கவரேஜ்’ என்ற சில பக்க ஆவணத்தை இறக்கிக்கொள்ளுங்கள். மொத்தக் கையேட்டைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். அதிலிருந்து நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, காப்பீடு பங்கு தரத் தொடங்கும் முன் வருடத்தில் நாம் கட்டும் டிடக்டபிள் 1,500 டாலர், டாக்டரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கட்டும் கோ-பே 30 டாலர், டிடக்டபிள் முடிந்த பிறகு பில்லில் நம் பங்கான கோ-இன்ஷூரன்ஸ் 20%, வருடத்தில் நம் கையிலிருந்து போகக்கூடிய உச்சவரம்பு 5,000 டாலர் என்று வைப்போம்.

முழங்கால் வலி என்று ஜனவரியில் டாக்டரிடம் போகிறீர்கள். அங்கே 30 டாலரோடு முடிந்தது. அவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். மருத்துவமனை போடும் பில் 3,000, ஆனால் காப்பீட்டு நிறுவனத்தோடு அவர்கள் ஒப்புக்கொண்ட விலை 1,800. கணக்கு இந்த 1,800-ல்தான் தொடங்கும். அதில் முதல் 1,500 டிடக்டபிள், முழுக்க உங்கள் பணம். மீதி 300-ல் 20%, அதாவது 60 டாலரும் உங்களுடையது. ஆக 1,560. கட்டிய 30 டாலர் கோ-பே பெரும்பாலான திட்டங்களில் டிடக்டபிளில் கழியாது, ஆனால் உச்சவரம்பில் சேரும்.

அடுத்தது நெட்வொர்க், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு விலை ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகள், லேப்களின் பட்டியல். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். “எங்கள் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டேன், ஆமாம் என்றார்கள். டாக்டர் நெட்வொர்க்கில் இருந்தார், ஆனால் என் ரத்தத்தை அவர் அனுப்பிய லேப் அதில் இல்லை. நானூறு டாலருக்கு மேல் தனி பில் வந்தது, என் திட்டத்தில் அது நெட்வொர்க் டிடக்டபிளிலும் கழியவில்லை. 2022 முதல் நடப்பில் உள்ள ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம் அவசர சிகிச்சைக்கும், நெட்வொர்க் மருத்துவமனைக்குள் வரும் வெளி டாக்டருக்கும் பாதுகாப்பு தருகிறது. கிளினிக்கிலிருந்து வெளி லேபுக்குப் போகும் ரத்தத்துக்குத் தருவதில்லை, சாலை ஆம்புலன்ஸுக்கும் இல்லை. அதனால் அட்டையில் உள்ள நெட்வொர்க் பெயரைச் சொல்லி, “இந்த நெட்வொர்க்கில், இந்த முகவரியில் இருக்கிறீர்களா, டெஸ்ட் எந்த லேபுக்குப் போகும்?” என்று கேளுங்கள். லேப் பெயரைக் காப்பீட்டுத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

பில் வந்ததும் உடனே கட்ட வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் இஓபி என்ற கணக்கு விவரம் வரட்டும். அது பில் இல்லை, ஆனால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை அதில் இருக்கும். மருத்துவமனை பில் அதைவிடக் கூடுதலாக இருந்தால், கட்டுவதற்கு முன் இரண்டு இடத்துக்கும் போன் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: அக்டோபரில் வேலையில் சேர்ந்த ஒருவர், டிசம்பரில் டிடக்டபிளை முடித்துவிட்டேன், ஜனவரியில் திரும்பக் கேட்கிறார்களே என்று எழுதியிருந்தார். பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1 அன்று எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அவசரமில்லாத ஸ்கேனாக இருந்தால், டிடக்டபிள் முடிந்த வருடத்துக்குள்ளேயே எடுத்துவிடுங்கள்.