பார்சல் தாமத அழைப்பு: பேச்சுவழக்கு வரிகளைப் பண்பான, ஒரே சீரான வரிகளாக மாற்றும் முறை

கிளிநொச்சியில் இருந்து வேலை செய்யும் எங்கள் குழு, இணையத்தில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்துக்காகப் பார்சல் தொடர்பான அழைப்புகளை எடுக்கிறது. எடுப்பவர்கள் பரந்தன், முழங்காவில், புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளைகள். அழைப்பவர்கள் பருத்தித்துறையிலும் இருப்பார்கள், மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் வெள்ளவத்தையிலும் இருப்பார்கள். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னபோது, வரிகளை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. அதைச் செய்த முறையை, ‘பார்சல் இன்னும் வரவில்லை’ என்ற ஒரே அழைப்பை வைத்து எழுதுகிறேன். மற்ற அழைப்புகளுக்கும் இதே வழிதான்.

1. வரிகளைக் கேட்டு எழுதுங்கள்

‘நீங்கள் வழக்கமாக என்ன சொல்வீர்கள்?’ என்று பிள்ளைகளிடம் கேட்டால், அவர்கள் சொல்ல நினைப்பதைத்தான் எழுதித் தருவார்கள். பதிவுகளைக் கேளுங்கள். காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுங்கள். எங்கள் பதிவுகளில் இருந்த ஓர் அழைப்பு ஏறத்தாழ இப்படிப் போனது:

“ஓம், சொல்லுங்கோ… வரேல்லையோ? பொறுங்கோ பாப்பம்.” (நீண்ட மௌனம்.) “அது வவுனியாவில கிடக்குது. எங்களால ஒண்டும் செய்யேலாது. நாளைக்கு வரும். வராட்டித் திரும்ப எடுங்கோ.”

இதை எழுதி வைக்க வேர்ட் வேண்டாம், கூகுள் ஷீட்ஸ் எடுங்கள். வேர்டில் ஆளுக்கொரு பிரதி உருவாகி, எது கடைசித் திருத்தம் என்பதே தெரியாமல் போய்விடும். நான்கு நிரல்கள் போதும்: அழைப்பின் கட்டம், சொல்லப்பட்ட வரி, அதில் இல்லாத தகவல், புதிய வரி. ஆட்களின் பெயரை எந்த நிரலிலும் போடாதீர்கள். பெயர் இருந்தால் அது குற்றப் பட்டியலாகிவிடும், அதன்பிறகு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

எழுத்துரு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் பகுதியில் இன்னும் பலர் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் எழுதிய ‘வணக்கம்’ ஷீட்ஸில் இப்படித்தான் வந்து நிற்கும்:

```
tzf;fk;
```

தேடவும் முடியாது, கைபேசியில் படிக்கவும் முடியாது. எல்லாவற்றையும் முதலிலேயே யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

2. சொல்லைத் திருத்துவதற்கு முன் இல்லாத தகவலைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் ‘பொறுங்கோ’ என்பதை அழித்து ‘தயவுசெய்து சற்றுப் பொறுத்திருங்கள்’ என்று எழுதுவதோடு வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். மறுமுனையில் இருப்பவருக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. ஏன் பொறுக்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது அவருக்கு இப்போதும் தெரியாது. இணைப்பு அறுந்துவிட்டதா என்ற ஐயம் வேறு. அந்த மௌனத்தில்தான் ‘ஹலோ, ஹலோ’ என்ற சத்தம் பதிவில் கேட்கும். எந்த வரியில் தகவல் இல்லை என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

காரணம், நேரம், சம்மதம் ஆகிய மூன்றும் இருந்தால் வரி தானாகவே பண்பாகிவிடும்:

“பார்சல் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க இரண்டு நிமிடம் தேவைப்படும். லைனில் இருக்கிறீர்களா?”

கேட்டபின் அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பதிலுக்கு முன்பே பொத்தானை அழுத்தினால் கேட்டதற்குப் பொருளில்லை. இரண்டு நிமிடத்தில் விடை கிடைக்காவிட்டாலும் திரும்பி வந்து, “காத்திருந்ததற்கு நன்றி. இன்னும் ஒரு நிமிடம் எடுக்கும்” என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது ‘நாளைக்கு வரும்’. கேட்க ஆறுதலான வரிதான், ஆனால் ஆபத்தானது. லொறி ஓடுவது நம் கையில் இல்லை. பார்சல் வராவிட்டால் அடுத்த நாள் அழைப்பவர் பார்சலைப் பற்றிப் பேச மாட்டார், ‘நீங்கள் சொன்னீர்களே’ என்றுதான் தொடங்குவார். ஆகவே நம் கையில் உள்ளதை மட்டும் உறுதியாகச் சொல்லும்படி வரியை அமைக்க வேண்டும்:

“பார்சல் இன்று காலை வவுனியாவுக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து புறப்படும் நேரம் இன்னும் பதியப்படவில்லை. நாளை மாலை 5 மணிக்குள் நானோ எங்கள் குழுவில் ஒருவரோ உங்களை அழைத்து நிலைமையைச் சொல்கிறோம். இதே இலக்கத்துக்கு எடுக்கலாமா?”

‘ஒண்டும் செய்யேலாது’ என்ற வரிக்கு இங்கே வேலையே இல்லாமல் போய்விட்டதைக் கவனியுங்கள். இந்தப் புதிய வரியைச் சொன்னவர், அழைப்பு முடிவதற்குள் மறுநாளைய அழைப்பைப் பட்டியலில் பதிந்துவிட வேண்டும். அப்படிப் பதிய ஓர் ஏற்பாடு உங்களிடம் இல்லையென்றால் இந்த வரியை எழுதாதீர்கள்.

3. விளிக்கும் முறை

அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான். ஆங்கில வழிகாட்டிகள் வாடிக்கையாளரின் பெயரை அடிக்கடி சொல்லச் சொல்கின்றன. அறுபது வயதுப் பெரியவரை இருபது வயதுப் பிள்ளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம்மிடையே மரியாதைக் குறைவு. அண்ணை, அக்கா என்றால் நெருக்கம் வரும், ஆனால் குரலை வைத்து வயதைக் கணிக்கும் வேலையும் கூடவே வரும். அது பிழைத்தால் இருபக்கமும் சங்கடம்.

நாங்கள் வைத்த விதி இது. பெயர், உறுதிப்படுத்தும்போது ஒரு தடவை மட்டும், ‘அவர்கள்’ என்பதோடு சேர்த்து வரும். முறைச்சொல்லை நாமாகத் தொடங்குவதில்லை. அழைப்பவர் ‘பிள்ளை’, ‘தம்பி’ என்று தொடங்கினால் ‘ஓம் ஐயா’, ‘ஓம் அம்மா’ என்று பதில் சொல்லலாம். மற்ற நேரங்களில் வினைச்சொல்லின் ‘-ங்கள்’ விகுதியே மரியாதையைச் சுமக்கும்.

‘நீர்’ முற்றாகத் தடை. நம் வீடுகளில் அது அன்போடு வரும் சொல், ஆசிரியர் மாணவரிடம் சொல்லும் சொல். ஆனால் அந்த வழக்கத்தில் வளராத மலையக வாடிக்கையாளருக்கு ‘நீர் எப்ப ஓடர் போட்டனீர்?’ என்பது அதட்டலாகவே கேட்கும். புதிய வரிகளில் அது தப்பி வந்திருக்கிறதா என்று பார்க்க இந்தச் சூத்திரம் உதவும்:

```
=REGEXMATCH(D2,"நீர்|உமக்கு|உமது|உம்முடைய")
```

TRUE என்று வந்தால் அந்த வரியைத் திறந்து பாருங்கள். ‘நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு முன்னால்’ என்ற முகவரிக்கும் TRUE வரும், அதை விட்டுவிடலாம். ‘கொஞ்சம் இரும்’, ‘சொல்லும்’ போன்ற ஏவல்களை இந்தச் சூத்திரம் பிடிக்காது. ‘அவர் சொல்லும் முகவரி’ என்பதிலும் அதே வடிவம் இருப்பதால், அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

‘சொல்லுங்கோ’வை நான் தடைசெய்யவில்லை. அது முழு மரியாதையுள்ள வடிவம். தாளில் ‘சொல்லுங்கள்’ என்று இருக்கும், வாயில் ‘சொல்லுங்கோ’ என்று வந்தால் பிழையாகக் கணக்கெடுப்பதில்லை. அதைத் திருத்தப் போனால் பிள்ளைகள் வானொலிச் செய்தி வாசிப்பது போலப் பேசத் தொடங்குவார்கள், மூன்றாவது வாக்கியத்தில் பழைய பேச்சுக்கே திரும்பிவிடுவார்கள்.

இந்தப் படியிலேயே சேர வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஓடர் கணவர் பெயரில் இருந்து, பெண் அழைத்தால், ‘அவரைக் கதைக்கச் சொல்லுங்கோ’, ‘வீட்டில ஆம்பிளையள் இல்லையோ?’ என்ற வரிகள் சாதாரணமாக வந்துகொண்டிருந்தன. 2009க்குப் பிறகு வன்னியில் பெண்களே தனியாகக் கொண்டுநடத்தும் குடும்பங்கள் எத்தனையோ. கணவர் இல்லாதவரும், காணாமல்போனவரை இன்னும் தேடிக்கொண்டிருப்பவரும் நம் வாடிக்கையாளர்களுக்குள் இருக்கிறார்கள். கைபேசி இணைப்பும் பழைய கணக்கும் அந்தப் பெயரிலேயே கிடக்கும். ஒரு பார்சலுக்காக அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லை. நமக்கு உண்மையில் வேண்டியது ஒன்றுதான்: பார்சலை யார் கையில் கொடுப்பது?

“பார்சலைப் பெற்றுக்கொள்பவராக உங்கள் பெயரையே பதிந்துகொள்ளட்டுமா? அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள்.”

திரு, திருமதி, செல்வி என்ற தெரிவையும் இதே காரணத்துக்காக எடுத்துவிட்டோம்.

4. இலக்கங்களைத் திருப்பிச் சொல்லும் வரி

அடையாள அட்டை இலக்கம் பழையதாக இருந்தால் ஒன்பது எண்களும் V அல்லது X என்ற எழுத்தும் வரும். 2016இல் தொடங்கிய புதிய முறையில் பன்னிரண்டு எண்கள். இரண்டும் புழக்கத்தில் இருப்பதால் ‘இலக்கம் குறையுது’ என்று வாடிக்கையாளரைத் திருத்தக் கூடாது. மூன்று மூன்றாகத் திருப்பிச் சொல்லி, “நான் சரியாக எழுதியிருக்கிறேனா?” என்று கேட்க வேண்டும். முன்பு இருந்த ‘விளங்குதோ?’ என்ற கேள்வி அவரைச் சோதிப்பது போல இருந்தது. இப்போது நம் எழுத்தைத்தான் சரிபார்க்கிறோம்.

5. ஒரு மூச்சில் சொல்ல முடிகிறதா?

இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவைத்து, ஒருவரை வாடிக்கையாளராக நடிக்க விடுங்கள். முகம் தெரியாதபோதுதான் வரியின் குறை கேட்கும். மூச்சு முட்டினால் வரியை இரண்டாக உடையுங்கள். கேட்பவர் ‘என்ன?’ என்றால் சொல்லை மாற்றுங்கள். ‘மன்னிக்கவும்’ ஓர் அழைப்பில் ஒருமுறை, தாமதத்தைச் சொல்லும் இடத்தில் வந்தால் போதும். ஒவ்வொரு வரியிலும் வந்தால் அது யார் காதிலும் ஏறாது. முதலில் ஒரு நேரமாற்றுக் குழுவிடம் மட்டும் கொடுத்து, பதிவுகளைக் கேட்டபின் மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

பின்னர் சேர்த்தது

வவுனியாவில் இதே வேலையைச் செய்யும் ஒரு வாசகர், தன் குழுவினர் வரிகளைப் பாடமாக்கி ஒப்பிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். எங்களிடம் சொல் மாறாமல் வைத்திருப்பது தொடக்க வாழ்த்து, காத்திருக்கக் கேட்பது, திரும்ப அழைப்பதாகச் சொல்வது, விடைபெறுவது ஆகியவற்றை மட்டும்தான். நடுவில் வருவதற்குத் தாளில் தகவல் மட்டும் இருக்கும், வாக்கியம் பிள்ளையினுடையது.

இன்னொருவர், சிங்களத்தில் பேசுபவர் நம் இணைப்புக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். தமிழ் எழுத்திலேயே ஒரு வரியை எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்: “கருணாகரலா பொட்டக் இன்ன.” தயவுசெய்து கொஞ்சம் இருங்கள் என்று பொருள். மாற்றிக் கொடுக்கும்போது, அழைத்தவரின் இலக்கத்தையும் அவர் கேட்டதில் புரிந்ததையும் சிங்களம் தெரிந்த சக ஊழியரிடம் முதலில் சொல்லிவிட்டு, அதன்பிறகு இணையுங்கள்.