இந்திய ஹோட்டல் பில்லில் ஜிஎஸ்டி சரியா என்று பார்ப்பது எப்படி?

கடந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் சுங்கை சிப்புட்டிலிருந்து குடும்பத்தோடு மதுரைக்குப் போயிருந்தோம். மூன்று இரவு தங்கிக் கிளம்பும்போது கொடுத்த பில்லில் அறை வாடகை ஒரே வரியில் 21,800 ரூபாய் என்று இருந்தது. கீழே 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 3,924 ரூபாய். நம் ஊரில் சேவை வரி அறை விலையைப் பார்த்து மாறாது, 8 விழுக்காடுதான். அங்கே மாறும்.

2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் 18 விழுக்காடு, அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, அந்த இரவின் முழு வாடகைக்கும்.

முதலில் தேதிவாரியான பில் கேளுங்கள். அது இல்லாமல் எதையும் சரிபார்க்க முடியாது. எங்களுக்கு வியாழன், வெள்ளி தலா 6,800, சனிக்கிழமை 8,200 என்று வந்தது.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த படியில்தான். 21,800ஐ மூன்றால் வகுத்தேன். சராசரி 7,267 என்று வந்ததும், எல்லாவற்றுக்கும் 5 விழுக்காடு, 1,090 ரூபாய்தான் வரி என்று கவுண்டரில் வாதாடினேன். அதுவும் தவறு. சராசரிக்கு இங்கே வேலையே இல்லை, ஒவ்வோர் இரவையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு இரவுக்கு 13,600இல் 5 விழுக்காடு, 680 ரூபாய். சனிக்கிழமைக்கு 8,200இல் 18 விழுக்காடு, 1,476. மொத்தம் 2,156. இப்படி எழுதிக் காட்டியதும் பில்லைத் திருத்தி 1,768 ரூபாய் குறைத்தார்கள்.

கால்குலேட்டரில் தட்டுவதைவிட கூகல் ஷீட்ஸ்தான் எனக்குப் பிடிக்கும், அப்படியே கவுண்டரில் காட்டலாம். A-இல் தேதி, B-இல் அந்த இரவின் வரியில்லாத வாடகை. C2-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=B2*IF(B2<=7500,5%,18%)
```

இரண்டு அறை எடுத்திருந்தால் ஒவ்வோர் அறைக்கும் ஷீட்டில் தனி வரிசை போடுங்கள், கூட்டிப் போட்டால் 7,500ஐத் தாண்டிவிடும். பில்லில் வரி மத்திய அரசுக்குப் போகும் சிஜிஎஸ்டி, மாநில அரசுக்குப் போகும் எஸ்ஜிஎஸ்டி என்று சரிபாதியாகப் பிரிந்து நிற்கும். இரண்டையும் கூட்டித்தான் C-யோடு ஒப்பிட வேண்டும்.

பின்சேர்க்கை: தள்ளுபடி கிடைத்தால் எந்த விலையைப் பார்ப்பது என்று ஈப்போவிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார். அறைக்கு உண்மையில் வாங்கும் விலையைத்தான். பலகையில் 8,200 என்று போட்டு உங்களிடம் 7,400 வாங்கினால் 5 விழுக்காடுதான். பில்லில் வரியும் சேர்ந்த விலை மட்டும் இருந்தால், 7,875 வரை 1.05ஆல் வகுங்கள், 8,850க்கு மேல் 1.18ஆல். அறைக்கு மட்டும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை வரவே முடியாது. வந்தால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது, இல்லை விழுக்காடு தவறு. என்னவென்று கேளுங்கள்.