கிராபிக்ஸ் கார்டை மாற்றியும் கென்னடி விமான நிலையத்தில் திக்கியது ஏன்?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை வைத்து நான் செய்த முதல் பெரிய தவறு, ஒரு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு. பழைய கார்டில் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தின் கேட்டில் ஏ320நியோவை நிறுத்தி வைத்தால் 28 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 28 ஃபிரேம் வரும். புது கார்டைச் செருகி, அதே கேட்டில் அதே விமானத்தை நிறுத்திப் பார்த்தேன். 29.

கார்டில் குறையே இல்லை. ஆல்ப்ஸ் மலைக்கு மேல் செஸ்னாவில் பறந்தபோது அது பிரமாதமாக ஓடியது. கென்னடியில் மட்டும், வேலை வந்து சேராமல் பாதி நேரம் சும்மா காத்துக்கொண்டிருந்தது.

பணம் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை. அமைப்புகளில் Developer Mode-ஐ ஆன் செய்தால் திரையின் மேலே ஒரு மெனு வரும். அதில் Display FPS என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் இருக்கும் ஒரு வரியைப் படித்தால் போதும். Limited by GPU என்று இருந்தால் கார்டுதான் இழுக்கிறது. Limited by MainThread என்று இருந்தால் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் பயன் இல்லை. எனக்கு வந்தது இரண்டாவது. பெட்டியைத் திறக்காமலே சோதிக்கவும் ஒரு வழி உண்டு: திரைத் தெளிவை 2560×1440-லிருந்து 1920×1080-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் அசையவே இல்லை என்றால் சிக்கல் கார்டில் இல்லை.

இங்கே நிறைய பேர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "சிபியு 30 சதவீதம்தான் ஓடுது, அப்புறம் எப்படி சிபியு பிரச்சினை?" என்று கேட்பார்கள். அந்த 30 என்பது எல்லாக் கோர்களின் சராசரி. கல்யாணப் பந்தியில் பரிமாற எட்டுப் பேர் நின்றாலும், உள்ளே சாதம் வடிப்பவர் ஒருவர்தான் என்றால் இலையில் சோறு விழும் வேகம் அவர் கையில்தான் இருக்கிறது. மற்ற ஏழு பேர் சும்மா நிற்பதைக் கணக்கில் எடுத்தால் சமையலறை ஓய்வாக இருப்பதுபோலத்தான் தெரியும். சிமுலேட்டரில் அந்த ஒருவர்தான் மெயின் த்ரெட். விமானத்தின் சிஸ்டங்கள், காக்பிட் திரைகள், சுற்றியுள்ள மற்ற விமானங்கள், இந்த நொடியில் எந்த நிலத்துண்டை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற முடிவு என்று பெரும்பகுதி அதன் வழியாகத்தான் போகிறது. இவை ஒன்றின் விடையை இன்னொன்று எதிர்பார்க்கும் வேலைகள் என்பதால் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது கடினம். ஒரு ஃபிரேமுக்கான வேலையை 33 மில்லி நொடிக்குள் முடித்தால் 30 எஃப்பிஎஸ். 60 வேண்டும் என்றால் 16.7-க்குள் முடிக்க வேண்டும்.

சரி, அந்த வேலையை யார் கூட்டுகிறார்கள்? பெரும்பாலும் நாமேதான், Terrain Level of Detail என்ற ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்து. 100-ல் இருப்பதை 200 ஆக்கினால் இருமடங்கு நுணுக்கம் கிடைக்கும் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு தூரக் கணக்கு: நுணுக்கமான நிலம் விமானத்திலிருந்து எவ்வளவு தொலைவுவரை நீள வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஆரம் இரட்டிப்பானால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்கு. அந்த வட்டத்துக்குள் இருப்பது வயல்வெளி என்றால் பரவாயில்லை, மன்ஹாட்டன் என்றால் கதை வேறு. அங்கே கட்டடங்கள் புகைப்படங்களிலிருந்து உருவாக்கிய முப்பரிமாண மாதிரிகள். ஒவ்வொரு துண்டும் சர்வரிலிருந்து சுருக்கப்பட்டு வருகிறது. அதை விரித்து, வடிவமாக்கி, மெமரியில் வைத்து, கார்டுக்கு அனுப்ப வேண்டும். இதில் நிறைய வேலையைப் பின்னணி த்ரெட்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆனாலும் அவை இழுக்கும் மெமரியும், சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சிறிய வேகமான மெமரியான கேஷும் மெயின் த்ரெட்டுக்கும் பொதுவானவை.

இன்னொரு விஷயம், கேட்டில் நிற்கும்போது அந்த 200-ஆல் ஒரு லாபமும் இல்லை. தரையிலிருந்து பார்த்தால் டெர்மினல் கட்டடமே பாதிக் காட்சியை மறைத்துவிடும். 35,000 அடியில்தான் தொலைவு தெரியும். அங்கே விமான நிலையச் சுமை இல்லாததால் பெரிய எண்ணைத் தாங்கவும் முடியும். ஆகவே தரையிலும் இறங்கும்போதும் 100-க்குப் பக்கத்தில், மேலே போன பிறகு 200 என்று மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். உயரத்துக்கு ஏற்பத் தானாக மாற்றும் இலவசத் துணைநிரல்களும் இருக்கின்றன. நான் 200-ஐ 110 ஆக்கியதும் கென்னடி கேட்டில் 29 என்பது 35 ஆனது. காசு செலவே இல்லை.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று உண்டு. Off Screen Terrain Pre-Caching என்ற அமைப்பைச் சிலர் மெமரியை மிச்சப்படுத்த Low-வில் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கத்து நிலத்தையும் தயாராக வைத்திருப்பதுதான் அதன் வேலை. அது Low-வில் இருந்தால் நேராகப் பார்க்கும்வரை எல்லாம் நன்றாகவே இருக்கும். ரன்வே எங்கே என்று இடப்பக்கம் தலையைத் திருப்பியதும் காட்சி ஒரு கணம் உறைந்து, பிறகு துண்டு துண்டாக வந்து சேரும். 32 ஜிபி ரேம் இருப்பவர்கள் இதில் கஞ்சத்தனம் காட்டத் தேவையில்லை.

இணையத்தின் மேல் பழி போடுவது அடுத்தது. 2020-ல் வந்த பதிப்பிலேயே உலகத்தின் நிலத்தோற்றம் இணையம் வழியாகத்தான் வந்தது. 2024 பதிப்பில் ஸ்ட்ரீமிங் இன்னும் கூடியிருக்கிறது. அதனால் படம் திக்கினாலே "நெட் ஸ்லோ" என்று திட்டத்தை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் அறிகுறி வேறு. நெட் மெதுவாக இருந்தால் நிலம் மங்கலாக இருக்கும், கட்டடங்கள் உருகிய மெழுகுவர்த்தி மாதிரி நிற்கும், ஆனால் விமானம் வழுக்கிக்கொண்டு பறக்கும். படம் கூர்மையாக இருந்தும் அசைவு வெட்டி வெட்டி வந்தால், தரவு வந்து சேர்ந்துவிட்டது, அதை ஜீரணிக்கத்தான் கணினி திணறுகிறது என்று பொருள். 2024 பதிப்புக்கு நொடிக்கு 50 மெகாபிட் இணைப்பைப் பரிந்துரைக்கிறார்கள். அது நிலையாகக் கிடைத்தால் 300-க்கு மாறியதால் எஃப்பிஎஸ் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்தப் புகைப்படக் கட்டடங்களைக் கொண்டுவரும் Photogrammetry-ஐ மட்டும் அணைத்துவிட்டு அதே இடத்தில் அதே பாதையில் பறந்து பாருங்கள். தரவிறக்கிய நிலத்தை டிஸ்கில் சேமித்து வைக்கும் ரோலிங் கேஷைப் பெரிதாக்குவதும் இப்படித்தான். ஏற்கெனவே பறந்த ஊரை மறுபடியும் தரவிறக்காமல் அது காப்பாற்றும், அவ்வளவுதான். மெயின் த்ரெட்டின் சுமை அதனால் குறையாது.

இப்போது என் மிகப் பெரிய அசட்டுத்தனத்துக்கு வருகிறேன். கணினியைச் சேர்த்துக் கொடுத்த கடையில் டிடிஆர்4 3200 ரேம் என்றுதான் பில் போட்டிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து டாஸ்க் மேனேஜரில் Performance, அதற்குள் Memory என்று போய்ப் பார்த்தால் Speed என்ற இடத்தில் 2133 என்று இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. ரேம் எப்போதும் பாதுகாப்பான அடிப்படை வேகத்தில்தான் தொடங்கும். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் வேண்டும் என்றால் பயாஸில் XMP-ஐ ஆன் செய்ய வேண்டும். ஏஎம்டி டிடிஆர்5 போர்டுகளில் அதன் பெயர் EXPO. அதை யாரும் செய்யவில்லை, நானும் பார்க்கவில்லை.

வேகம் என்பது ஒரு பாதிதான், மறுபாதி தாமதம். இதற்கு எளிய கணக்கு உண்டு. CL என்பது கேட்ட தரவைத் தர ரேம் எடுத்துக்கொள்ளும் சுற்றுகளின் எண்ணிக்கை:

```
நானோ நொடி = CL × 2000 ÷ வேகம்
15 × 2000 ÷ 2133 = 14.1
16 × 2000 ÷ 3200 = 10.0
30 × 2000 ÷ 6000 = 10.0
40 × 2000 ÷ 4800 = 16.7
```

கடைசி வரியைக் கவனியுங்கள். விலை குறைந்த டிடிஆர்5 4800, இந்தக் கணக்கில் பழைய டிடிஆர்4 3200-ஐவிடத் தாமதமானது. புதுத் தலைமுறை என்பதற்காக மட்டும் வாங்கினால் இப்படி ஆகும்.

இந்தச் சில நானோ நொடி ஏன் இவ்வளவு முக்கியம்? சிமுலேட்டர் ஒரு ஃபிரேமுக்குள் நிலத்துண்டுகள், மரங்கள், கட்டடங்கள், விமானங்கள் என்று மெமரியில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான இடங்களைத் தொட்டுப் பார்க்கிறது. அடுத்து எது வேண்டும் என்பதை முன்கூட்டியே ஊகிப்பது கடினம். சிபியுவின் கேஷில் இல்லாத ஒன்றை ரேமிலிருந்து எடுத்துவர, மேலே சொன்ன தாமதத்தோடு மற்றதெல்லாம் சேர்த்துச் சுமார் 80 நானோ நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது 360 சுற்றுகள் கைகட்டி நிற்கும் நேரம். XMP-ஐ ஆன் செய்ததும் என் கென்னடி கேட் 35-லிருந்து 40-க்குப் போனது. எண்ணைவிட, டாக்சி செய்யும்போது வந்த வெட்டு குறைந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஒற்றைக் குச்சியாக 32 ஜிபி வாங்குவதும் இதே வகைத் தவறு. இரண்டு 16 ஜிபி போட்டால்தான் இரட்டைச் சானல் கிடைக்கும். டிடிஆர்5-ல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் பல போர்டுகள் வேகத்தை இறக்கிவிடும். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று யோசிக்காமல், 64 ஜிபி வேண்டுமானால் இரண்டு 32 ஆகவே வாங்கிவிடுங்கள்.

சிபியு வாங்கும்போது கோர் எண்ணிக்கையையும் கிகாஹெர்ட்ஸையும் மட்டும் பார்ப்பது கடைசித் தவறு. ஏஎம்டியின் 5800X, 5800X3D இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எட்டுக் கோர். உச்ச வேகம் முதலாவதில் 4.7, இரண்டாவதில் 4.5. பெட்டியைப் பார்த்தால் முதலாவதுதான் வேகம். ஆனால் முதலாவதில் எல்3 கேஷ் 32 எம்பி, இரண்டாவதில் 96 எம்பி. ரேமுக்கு ஓட வேண்டிய பல நடைகள் மிச்சமாவதால் சிமுலேட்டரில் மெதுவான சிபியுதான் தெளிவாக முந்துகிறது. ஒற்றைக் கோர் வேகம் என்பது கிகாஹெர்ட்ஸ் மட்டுமல்ல, அந்தக் கோர் எவ்வளவு நேரம் காத்திருக்காமல் ஓடுகிறது என்பதும் சேர்ந்ததுதான்.

கேஷ்தான் மருந்து என்று தெரிந்த பிறகும் சறுக்க இடம் உண்டு. 7950X3D-யில் பதினாறு கோர் இருந்தாலும் அந்தப் பெரிய கேஷ் எட்டுக் கோர்கள் உள்ள ஒரு பாதியின் மேல் மட்டும்தான் இருக்கிறது. சிமுலேட்டர் மறுபாதியில் போய் உட்கார்ந்தால் கொடுத்த காசு வீண். விண்டோஸ் கேம் பாரைத் திறந்து Remember this is a game என்பதை டிக் செய்துவிட்டு, சிப்செட் டிரைவர் புதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டர் மட்டும்தான் நோக்கம் என்றால் எட்டுக் கோரும் ஒரே பாதியில் இருக்கும் 7800X3D-யில் இந்தத் தலைவலியே கிடையாது, விலையும் குறைவு.