ரிவ்யூ கேட்கும் செய்தியில் நாம் செய்யும் தவறுகள்

மரச்செக்கு எண்ணெய் விற்கும் உறவினர் ஒருவர், வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவிருந்த செய்தியைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். அது இப்படி இருந்தது:

"எங்கள் நல்லெண்ணெய் உங்களுக்கு நிச்சயம் பிடித்திருக்கும்! எங்கள் குடும்பமே உங்கள் 5 ஸ்டாரை நம்பித்தான் இருக்கிறது. கூகுளில் 5 ஸ்டார் கொடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அடுத்த ஆர்டரில் 50 ரூபாய் தள்ளுபடி. குறை ஏதும் இருந்தால் அங்கே எழுதாமல் எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்."

எழுத்துப்பிழை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் நான்கு வரியிலும் வாடிக்கையாளரின் கையைப் பிடித்து எழுத வைக்கிற வேலை நடக்கிறது.

கண்ணில் முதலில் படுவது தள்ளுபடி. 5 ஸ்டாருக்கு 50 ரூபாய் என்றால் அது கருத்தை விலைக்கு வாங்குவதுதான். இதைச் சொன்னதும் உறவினர் உடனே மாற்றிக்கொண்டார்: "சரி, எத்தனை ஸ்டார் கொடுத்தாலும் 50 ரூபாய் என்று போட்டுவிடலாமா?" பலர் சறுக்குவது இங்கேதான். நியாயமாகத் தோன்றினாலும் கூகுள் இதையும் ஏற்பதில்லை. ரிவ்யூ எழுதுவதற்கோ, எழுதியதை மாற்றுவதற்கோ பணம், தள்ளுபடி, இலவசப் பொருள் எதுவும் தரக்கூடாது என்பது அதன் விதி. அமேசானும் 2016 அக்டோபரிலேயே, தேர்ந்தெடுத்த சிலருக்குப் பொருளை இலவசமாகத் தந்து ரிவ்யூ எழுதச் சொல்லும் தன் வைன் திட்டத்தைத் தவிர, சலுகைக்கு ஈடாக எழுதப்படும் ரிவ்யூக்களுக்குத் தடை போட்டுவிட்டது. காரணம் எளிது. காசு வாங்கிக்கொண்டவர் ஒன்றிரண்டு குறையை விழுங்கிவிடுவார். அதைப் படித்து வாங்குகிறவருக்கோ நடுவில் 50 ரூபாய் கைமாறியது தெரியாது. தள்ளுபடி தர ஆசையிருந்தால் ரிவ்யூவோடு முடிச்சுப் போடாமல், பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் தனியாகத் தரலாம். ஸ்கிரீன்ஷாட் கேட்பதும் அதோடு போய்விடும். ஒருவர் என்ன எழுதினார் என்று நாம் சரிபார்க்கப்போகிறோம் என்பதே ஒரு மிரட்டல்தான்.

என்னைக் கேட்டால் அதைவிட மோசமானது கடைசி வரி. பார்க்க அக்கறை போல இருக்கும். ஆனால் பாராட்டு ஊர் பார்க்க, குறை காதோடு காதாக என்று அது வழி பிரித்துவிடுகிறது. சில கடைகள் இதையே இரண்டு பொத்தானாக வைக்கின்றன: "பிடித்தது" என்பதைத் தொட்டால் கூகுள் பக்கம் திறக்கும், "பிடிக்கவில்லை" என்பதைத் தொட்டால் கடையின் சொந்தப் படிவம் வரும். கூகுள் இதையும் தடுத்திருக்கிறது. திருப்தியாகப் பேசியவர்களைப் பொறுக்கி எடுத்து அவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்புவதும் இதே கணக்குதான். செய்தியில் ஒரு சொல்கூடத் தவறாக இருக்காது, அனுப்பும் பட்டியலில் தவறு இருக்கும். அனுப்பினால் அந்த மாதம் வாங்கிய எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், சண்டை போட்டவர் உட்பட.

குறை சொல்ல உதவி எண் தரவே கூடாதா என்றால், தரலாம். ரிவ்யூவுக்கு மாற்றாக இல்லாமல், அதன் பக்கத்திலேயே தர வேண்டும்.

"குடும்பமே நம்பியிருக்கிறது" என்ற வரியை நீக்கச் சொன்னபோது உறவினருக்கு மனம் வரவில்லை. உண்மைதானே என்றார். உண்மைதான். ஆனால் அதைப் படித்தபின் 3 ஸ்டார் கொடுக்க யாருக்குக் கை வரும்? "நிச்சயம் பிடித்திருக்கும்" என்பதும் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுகிறது.

இன்னொன்று நேரம். அவர் பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே அனுப்ப நினைத்திருந்தார். அன்றைக்கு யாரும் கேனைத் திறந்திருக்கவே மாட்டார்கள். வருவது பார்சலைப் பற்றிய கருத்தாகத்தான் இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெயில் நாலு நாள் தாளித்து, தோசைக்கும் ஊற்றிப் பார்க்கப் பத்து நாளாவது வேண்டும். பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல், அத்தோடு சரி.

திருத்தியதைச் சோதிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மூடி கசிந்து, பை முழுக்க எண்ணெயான ஒருவர் இதைப் படிப்பதாக நினைத்துக்கொள்வேன். நடந்ததை அப்படியே எழுத அவருக்கு வழி இருக்கிறதா, எழுதினால் எதையாவது இழப்பாரா? பழைய செய்தியில் அவருக்கு வழியும் இல்லை, 50 ரூபாயும் போய்விடும். கடைசியில் அனுப்பியது இதுதான்:

"வணக்கம். பத்து நாள் முன்பு எங்களிடம் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கியிருந்தீர்கள். மணம், சுவை, பேக்கிங் எப்படி இருந்தன என்று நீங்கள் உணர்ந்தபடியே கீழே உள்ள கூகுள் இணைப்பில் எழுதலாம். நிறை, குறை எதுவானாலும் சரி. விருப்பமில்லையென்றால் விட்டுவிடலாம். பொருளை மாற்ற வேண்டுமென்றால் இதே எண்ணில் சொல்லுங்கள். ரிவ்யூ எழுதினாலும் எழுதாவிட்டாலும் மாற்றித் தருவோம்."

முதல் வாரம் வந்தவற்றில் ஒன்று 3 ஸ்டார்: எண்ணெய் நன்று, மூடி கசிகிறது. உறவினர் அதை நீக்கச் சொல்லிக் கேட்கவில்லை; அதன் கீழேயே மன்னிப்புக் கேட்டு, மூடிக்கு உள்ளே சீல் ஒட்டத் தொடங்கிவிட்டதாக எழுதினார்.