மூன்றாம் வருடக் கட்டத்தில் ஒரு கோடு: சமனில்லாத காசுப் பாய்ச்சலைக் கழிவிடுவது எப்படி?

குச்சவெளியில் கருவாடு வாங்கி, திருமலை டவுனில் விற்கிற என் அத்தான் போன மாதம் ஒரு வக்யூம் பெக்கிங் மெசினுக்கு விலை கேட்டு வந்தார். 420,000 ரூபா. "எடுக்கலாமா தம்பி, நீ கணக்குப் பார்த்துச் சொல்லு" என்றார். பார்த்தேன், முதல் தடவை பிழையாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பிழைக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் வருடா வருடம் கையில் மிஞ்சும் காசை எழுதுங்கள். லாபத்தை அல்ல, காசை. மெசின் வந்ததால் கூட வரும் வருமானத்தில் இருந்து பை, மின்சாரம், கூலி எல்லாம் கழித்த மீதி. தேய்மானத்தைக் கழிக்கக் கூடாது, அது கையை விட்டுப் போகும் காசு இல்லை. அத்தான் சொன்ன கணக்கு:

முதல் வருடம் 90,000 (வாடிக்கை பிடிக்கும் காலம்). இரண்டாம் வருடம் 170,000. மூன்றாம் வருடம் பம்ப் மாற்ற வேண்டி வரும், அந்த வருட மீதி முழுக்க அதற்கே போய்விடும், ஆகவே 0. நாலாம் வருடம் 180,000. ஐந்தாம் வருடம் 140,000, அதோடு மெசினைப் பழசாக விற்று 50,000, மொத்தம் 190,000.

சும்மா கூட்டினால் 630,000. போட்ட காசைக் கழித்தால் 210,000 மிச்சம். அத்தானின் முகம் மலர்ந்தது இந்த இடத்தில்தான். ஆனால் ஐந்து வருடம் கழித்து வரும் 190,000 இன்றைய 190,000 இல்லையே. அவருக்கு வங்கி கடன் தர ஒத்துக்கொண்டது 15% வட்டிக்கு. பிறகு வரும் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதமாக அதையே எடுத்தேன். வட்டி இந்த வீதத்துக்குள்ளேயே வந்துவிடுவதால், காசுப் பாய்ச்சலில் இருந்து அதை இன்னொரு தடவை கழிக்க வேண்டாம்.

இனி ஒவ்வொரு வருடக் காசையும், எத்தனை வருடம் தள்ளி வருகிறதோ அத்தனை தடவை 1.15 ஆல் வகுக்க வேண்டும். 90,000 ஒரு தடவை: 78,261. 170,000 இரண்டு தடவை: 128,544. பூச்சியத்தை எத்தனை தடவை வகுத்தாலும் பூச்சியம். 180,000 நாலு தடவை: 102,916. 190,000 ஐந்து தடவை: 94,464. கூட்டினால் 404,185. அதில் 420,000 ஐக் கழித்தால் −15,815. இதுதான் தேறிய நிகழ்காலப் பெறுமதி, எக்செல்லில் NPV. அந்த விலைக்கு எடுக்கக் கூடாது.

ஆனால் முதல் நாள் எக்செல் எனக்குக் காட்டியது +13,791!

A பத்தியில் வருடம் 0 முதல் 5 வரை, B2 இல் −420,000, B3 முதல் B7 வரை வருடக் காசு. நான் போட்டது:

```
=NPV(15%,B3:B7)+B2
```

சூத்திரத்தில் பிழை இல்லை. NPV தனக்குள் வரும் முதல் தொகை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும், அதனால் இன்றைக்குக் கொடுக்கும் B2 வெளியே நிற்பதுதான் சரி. கோளாறு B5 இல். கடைக் கொப்பியில் எழுதும் பழக்கத்தில் மூன்றாம் வருடத்துக்கு 0 போடாமல் ஒரு கோடு (-) போட்டிருந்தேன். எக்செல்லுக்கு அது எண் இல்லை, எழுத்து. NPV எழுத்தையும் வெறும் கட்டத்தையும் கணக்கில் எடுக்காமல் தாண்டிவிடும். அதனால் நாலாம் வருடக் காசு மூன்றாம் வருடம் வந்ததாகவும், ஐந்தாம் வருடக் காசு நாலாம் வருடம் வந்ததாகவும் ஆகிவிட்டது. எச்சரிக்கை ஒன்றும் வராது. 0 என்று அடித்ததும் விடை −15,816 ஆக மாறியது. (அந்த ஒரு ரூபா நான் கையால் கிட்டிய ரூபாவுக்கு எடுத்ததால் வந்தது.)

அதன் பிறகு நான் NPV ஐத் தொடுவதே இல்லை. வீதத்தை D1 இல் 15% என்று போட்டு, C2 இல் இதை அடித்து C7 வரை இழுத்துவிட்டு, கீழே கூட்டிவிடுகிறேன்:

```
=B2/(1+$D$1)^A2
```

வருட எண்ணை A பத்தியில் இருந்தே எடுப்பதால் எந்த வருடமும் இடம் மாறாது. கோடு இருந்தால் #VALUE! என்று கத்தும். எந்தத் தொகை எவ்வளவு தேய்ந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

பிற்சேர்க்கை: கணினி இல்லாமல் போனில் எப்படிச் செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். கடைசி வருடத்தில் இருந்து பின்னோக்கி வாருங்கள். 190,000 ஐ 1.15 ஆல் வகுத்து 180,000 கூட்டுங்கள். விடையை மறுபடி 1.15 ஆல் வகுத்து 0 கூட்டுங்கள். மறுபடி வகுத்து 170,000, மறுபடி வகுத்து 90,000. கடைசியாக இன்னொரு தடவை வகுத்தால் 404,184. மூன்றாம் வருடத்தில் கூட்ட ஒன்றுமில்லை என்று வகுக்காமல் விட்டால், என் பிழையேதான் உங்களுக்கும்.

அந்த 404,184 தான் அத்தான் கொடுக்கக்கூடிய உச்ச விலையும். விற்பவர் இப்போது 410,000 க்கு இறங்கியிருக்கிறார். அத்தான் நாலு லட்சத்திலேயே நிற்கிறார்.